பிடிக்கவில்லை என்றால் வெளியே போகலாமே என்கிறீர்களே: குழு உரிமைச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுபான்மைச் சமூகங்களுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் குழு உரிமைகளைச் சட்டமாக எழுதும் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வரைவுகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசத்தான் இந்த மடல். ‘இந்தச் சமூகத்தில் யார் உறுப்பினர் என்பதை அந்தச் சமூகமே தன் வழக்கப்படி முடிவு செய்துகொள்ளும்’ என்பதுதான் அது. 2007-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்திலும், 33-வது பிரிவில், கிட்டத்தட்ட இதே பொருளில் இருக்கிறது. அதே பிரகடனத்தின் 44-வது பிரிவு, இதில் சொல்லப்பட்ட எல்லா உரிமைகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது. சரி, ஒரு சமூகத்தின் வழக்கமே ஆணையும் பெண்ணையும் வேறு வேறாக நடத்தினால்? அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? 33 ஜெயிக்குமா, 44 ஜெயிக்குமா, அதை முடிவு செய்வது யார்? அந்த இடத்தைத்தான் நீங்கள் எல்லாரும் காலியாக விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குழு உரிமைகளுக்கு எதிரி இல்லை. தனி மனிதருக்கு உரிமை கொடுத்தால் போதும், குழு எதற்கு என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு சிறிய மக்கள் கூட்டத்தின் நிலத்தைத் துண்டு துண்டாக, தனித்தனி ஆட்களிடமிருந்து, முழுக்கச் சட்டப்படியே வாங்கி, ஒரே தலைமுறையில் அந்தக் கூட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட முடியும். அமெரிக்காவில் 1887-ல் வந்த சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனி ஆள் பட்டாவாகப் பிரித்ததும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. தடைக்காலம் முடிந்ததும் தனி மனிதருக்கு விற்கும் சுதந்திரம் வந்தது, கடைசியில் நிலத்தின் பெரும்பகுதி அவர்களிடம் இல்லை. அதனால் நிலத்தைச் சமூகத்தின் பெயரில் பூட்டி வைப்பது, அவர்கள் மொழியில் பள்ளி நடத்துவது, பெரும்பான்மையின் வாக்கு பலத்தால் அடிபடாமல் இருக்க ஓர் ஏற்பாடு, இதெல்லாம் வேண்டியதுதான்.

கனடாவின் அரசியல் சிந்தனையாளர் வில் கிம்லிகா இதை இரண்டாகப் பிரித்தார். வெளியிலிருந்து வரும் அழுத்தத்திலிருந்து குழுவைக் காக்கும் பாதுகாப்பு ஒன்று, குழு தன் ஆட்களையே கட்டுப்படுத்த வைத்துக்கொள்ளும் அதிகாரம் இன்னொன்று. முதலாவதை லிபரல்கள் ஏற்கலாம், இரண்டாவதை ஏற்கக் கூடாது என்பது அவர் நிலை. உங்களில் பலர் இந்தக் கோட்டை வைத்துத்தான் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. நல்ல கோடுதான். ஆனால் உறுப்புரிமை விதியிடம் வந்ததும் அந்தக் கோடு மங்கிவிடுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லும் விதி ஒரே நேரத்தில் வெளியாருக்குப் போட்ட வேலியாகவும் உள்ளே இருப்பவர் கழுத்தில் போட்ட சுருக்காகவும் இருக்கும். எப்படி என்று ஒரு வழக்கை வைத்துக் காட்டுகிறேன். உங்களில் சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய வழக்கு. இருந்தாலும் தீர்ப்பின் சாரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாண்டா கிளாரா பியூப்லோ என்ற சிறிய பூர்வகுடி சமூகம் இருக்கிறது. வழக்கு நடந்த காலத்தில் அந்த நிலத்தில் வாழ்ந்த உறுப்பினர்கள் சுமார் 1,200 பேர். ஜூலியா மார்ட்டினெஸ் அங்கே பிறந்தவர், அப்பா அம்மா இருவருமே அந்தச் சமூகம். 1941-ல் அவர் நவஹோ என்ற வேறொரு பூர்வகுடிச் சமூகத்து ஆண் ஒருவரை மணந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1939-ல், பியூப்லோவின் ஆட்சி மன்றம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. சமூகத்து ஆண் வெளியே பெண் எடுத்தால் பிள்ளைகள் உறுப்பினர்கள். சமூகத்துப் பெண் வெளியே மணந்தால் பிள்ளைகள் உறுப்பினர்கள் இல்லை. அவ்வளவுதான் விதி.

ஜூலியாவின் பிள்ளைகள் பியூப்லோவிலேயே வளர்ந்தார்கள், அந்த ஊர் டேவா மொழி பேசினார்கள், பெரியவர்களான பிறகும் அங்கேயே இருந்தார்கள். நடையில், பேச்சில், பழக்கத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான், இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஊர்த் தேர்தலில் வாக்கு இல்லை, ஊர் நிர்வாகத்தில் பதவி இல்லை. இதைவிடக் கடுமையானது ஒன்று இருந்தது. அம்மா இறந்துவிட்டால் அந்த நிலத்தில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது, அம்மாவின் வீடும் பொது நிலத்தில் அவருக்கிருந்த அனுபோகமும் அவர்களுக்கு வராது. பக்கத்து வீட்டு ஆண் ஒருவர் வெளியே பெண் எடுத்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தடையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் அந்த மொழியே பேசாவிட்டாலும் சரிதான்.

ஜூலியா எடுத்த எடுப்பில் நீதிமன்றம் போகவில்லை. முதலில் தன் சமூகத்துக்குள்ளேயே விதியை மாற்றச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்புறம்தான் மகள் ஆட்ரியோடு சேர்ந்து வழக்குப் போட்டார். கையில் ஒரு சட்டமும் இருந்தது. 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த பூர்வகுடிகளுக்கான குடிமை உரிமைகள் சட்டம், பூர்வகுடி அரசுகளும் தங்கள் மக்களுக்குச் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. முதல் நீதிமன்றத்தில் பியூப்லோ வென்றது, மேல்முறையீட்டில் ஜூலியா வென்றார், 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜூலியா தோற்றார்.

தோற்றதற்குச் சொன்ன காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த விதி நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே இல்லை. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்து 1954-ல் வென்ற வழக்கை நடத்திய அதே வழக்கறிஞர். சமத்துவம் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது இதுதான்: பூர்வகுடி அரசு இறையாண்மை உள்ளது, அதன் சம்மதமோ நாடாளுமன்றத்தின் தெளிவான அனுமதியோ இல்லாமல் அதன் மேல் வழக்குப் போட முடியாது; 1968 சட்டம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தருகிற ஒரே தீர்வு ஆட்கொணர்வு மனுதான், அதாவது ஒருவரை அடைத்து வைத்தால் அதைக் கேட்கலாம்; மற்ற எல்லாவற்றுக்கும் பியூப்லோவின் சொந்த மன்றங்களிடமே போக வேண்டும். சமப் பாதுகாப்பு என்ற உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வாசல் மட்டும் இல்லை. ஜூலியா போகக்கூடிய ஒரே இடம், அவரை ஏற்கெனவே திருப்பி அனுப்பிய அதே ஆட்சி மன்றம். நீதிபதி வொயிட் ஒருவர் மட்டும் மாறுபட்டார். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை மீறியவர்களிடமே போய் முறையிடு என்று நாடாளுமன்றம் நினைத்திருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம்.

மார்ஷலின் பக்கத்திலும் கனமான நியாயம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க நான் விரும்பவில்லை. அந்த மக்களின் நிலத்தைப் பிடுங்கிய, பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன அதே அரசின் நீதிபதி ஒருவர், இன்று வந்து ‘உங்களில் யார் உங்களவர் என்று நான் சொல்கிறேன்’ என்றால் அது எப்படி ஒலிக்கும்? 1,200 பேர் உள்ள சமூகத்துக்கு உறுப்புரிமை என்பது உயிர்நாடி. நாளைக்கு வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு உள்ளே வரலாம் என்றால் அந்தச் சமூகம் ஒரு தலைமுறை தாங்காது. பெண்ணுரிமை என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு பூர்வகுடிகளையும் சிறுபான்மையினரையும் தட்டி வைத்த வரலாறு பல நாட்டில் உண்டு. இந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லுகிற லிபரல்கள் கொஞ்சம் வரலாறு படிக்கட்டும்.

இந்தச் சிக்கலில் மாட்டும்போது உங்களில் பலர் கைக்கு எட்டுகிற பதில் ஒன்று வைத்திருக்கிறீர்கள். ‘உள்ளே நடப்பதில் நாம் தலையிட வேண்டாம், பிடிக்காதவர் வெளியேறும் சுதந்திரத்தை மட்டும் உறுதி செய்வோம்’ என்கிறீர்கள். சந்திரன் குக்கதாஸ் போன்ற சிந்தனையாளர்கள் இதைத் தீவிரமாகவே வாதிட்டிருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. யாரையும் பிடித்து வைக்காத குழு தன் உள்விவகாரத்தில் எப்படி நடந்தால் அரசுக்கு என்ன என்பது கேட்க எளிமையாகவே இருக்கிறது. அந்த எளிமைதான் எனக்குப் பிரச்சினை.

கனடாவில் மானிட்டோபா மாகாணத்தில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடியிருப்பு ஒன்றில் நடந்த வழக்கைப் பாருங்கள், 1970-ல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அங்கே யாருக்கும் சொந்தச் சொத்து கிடையாது, நிலம் மாடு கருவி எல்லாம் குடியிருப்புக்குப் பொது, உழைப்பும் பொது. உறுப்பினராகச் சேரும்போதே, விலகினாலோ விலக்கப்பட்டாலோ ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஹோஃபர் என்ற குடும்பப் பெயருடைய சிலர் வேறொரு திருச்சபையின் நம்பிக்கைக்கு மாறினார்கள், விலக்கப்பட்டார்கள். பிறந்ததிலிருந்து அங்கே உழைத்த நாங்கள் எங்கள் பங்கைக் கேட்கிறோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் இருப்பதுதான் செல்லும், பங்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. நீதிபதி பிஜான் மட்டும் மாறுபட்டார். மதச் சுதந்திரம் என்றால் மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் சேர்ந்ததுதான், விலகினால் உடுத்திய துணியோடு போக வேண்டும் என்கிற ஏற்பாட்டில் அந்தச் சுதந்திரம் நடைமுறையில் இருக்காது என்ற பொருளில் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள், வெளி உலகில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய படிப்பு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, தெரிந்த மனிதர் ஒருவர்கூட வேலிக்கு வெளியே இல்லை, நாற்பது ஐம்பது வயது, பிள்ளைகள் வேறு. கதவு திறந்துதான் இருக்கிறது என்று அவரிடம் நீங்கள் சொல்கிறீர்கள். பணம், படிப்பு, உறவு மூன்றையும் குழு தன் கையில் வைத்திருக்கும் இடத்தில் வெளியேறும் உரிமை என்பது காகிதத்தில் இருக்கும் ஒரு வரி.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியேறு என்ற பதில் ஜூலியா மார்ட்டினெஸிடம் எப்படிப் பொருந்தும்? அவர் வெளியே போக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உள்ளே இருக்க வேண்டும், பிள்ளைகளும் உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார். குழு உரிமை எழுதும்போது உங்கள் மனத்தில் இருக்கும் எதிர்ப்பாளர் எப்போதும் தன் சமூகத்தை வெறுத்து ஓடுகிறவராகவே இருக்கிறார். நான் படித்த வழக்குகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. தன் மொழியையும் சடங்கையும் ஊரையும் விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்குள் தனக்கு ஓர் இடம் கேட்கிறவர்தான் அங்கே நிற்கிறார். அவரிடம் போய் ‘போகலாமே’ என்றால், அவரைத் துரத்துகிறவர்கள் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் டோபிக் என்ற இடத்தில் மாலிசீட் பூர்வகுடியில் பிறந்தவர். 1970-ல் வெளி ஆண் ஒருவரை மணந்தார். பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைக்கும் கனடாவின் இந்தியர் சட்டம் என்ற பழைய சட்டத்தின்படி அந்தத் திருமணத்தோடு அவருடைய பூர்வகுடித் தகுதி பறிபோனது. பூர்வகுடி ஆண் வெளியே மணந்தால் அவருக்குத் தகுதி போகாது, வந்த மனைவிக்கும் சேர்த்துக் கிடைக்கும். சில வருஷங்களில் சாண்ட்ராவின் மணவாழ்க்கை முறிந்தது, குழந்தையோடு டோபிக்குக்குத் திரும்பினார், சட்டப்படி அங்கே குடியிருக்க அவருக்கு உரிமை இல்லை என்றார்கள். 1977-ல் அவர் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார், 1981-ல் குழு அவர் பக்கம் கருத்துச் சொன்னது.

எந்த அடிப்படையில் என்று பார்க்க வேண்டும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27-வது பிரிவு, சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஆட்களுக்கு, தங்கள் குழுவின் மற்றவர்களோடு சேர்ந்து தங்கள் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமை மறுக்கப்படக் கூடாது என்கிறது. உரிமை ஆளுக்கு. அந்த ஆள் அதை அனுபவிப்பது கூட்டத்தோடு சேர்ந்து. சாண்ட்ராவின் மொழியும் பண்பாடும் சமூகமாக வாழ்கிற இடம் டோபிக்குக்கு வெளியே எங்கும் இல்லை, ஆகவே அவரை அங்கே வாழவிடாமல் தடுப்பது அந்த உரிமையைப் பறிப்பது என்று ஐ.நா. குழு முடிவுக்கு வந்தது. வெளியேறு என்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. நாடு முழுக்க அவர் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம், அவர் கேட்ட ஒன்று மட்டும் வேறெங்கும் கிடைக்காது.

அந்த விதி மாலிசீட் மக்களின் பழக்கமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைநகர் ஓட்டாவாவில் உட்கார்ந்து எழுதியவர்களின் சட்டம் அது, கணவன் எந்தச் சாதியோ மனைவியும் அதுவே என்கிற மாதிரியான ஐரோப்பியக் குடும்பக் கணக்கு. ஆனால் நூறு வருஷம் ஒரு விதி நடைமுறையில் இருந்தால் அதன் மேல் வீடு, நிலம், நிதி, தேர்தல் எல்லாம் எழும்பிவிடுகிறது, பிறகு அதனால் பயனடைந்தவர்கள் அதைத் தங்கள் மரபு என்றே நம்பத் தொடங்குகிறார்கள். 1973-ல் இதே பிரிவை எதிர்த்து ஜெனட் லவெல் என்ற பெண் கனடா உச்ச நீதிமன்றத்தில் வாதாடியபோது, பூர்வகுடிகளின் தேசிய அமைப்பே அவருக்கு எதிராக வழக்கில் சேர்ந்தது. சட்டத்தில் கை வைத்தால் எல்லாமே போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. விலை கொடுத்தது பெண்கள். 1979-ல் டோபிக் பெண்கள் முன்நின்று ஓகாவிலிருந்து ஓட்டாவா வரை சுமார் நூறு மைல் நடந்தார்கள்.

சாண்டா கிளாரா விதிக்கும் இப்படி ஒரு பின்கதை இருக்கிறது. 1939-க்கு முன்னால் வெளித் திருமணங்கள் அபூர்வம், வந்தபோது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுத்தார்கள். வெளித் திருமணங்கள் கூடியபோது, நிலத்துக்கு நெருக்கடி வருமே என்று போட்ட விதிதான் அது. மேல்முறையீட்டு நீதிமன்றமே அதைப் பொருளாதாரக் கணக்கிலும் நடைமுறைக் கணக்கிலும் பிறந்த விதி என்று சொன்னது. அதனால் ‘வழக்கப்படி’ என்று வரைவில் எழுதும்போது, எந்த வழக்கம், எப்போதிலிருந்து, யார் ஏற்படுத்தியது என்று ஒரு தடவையாவது விசாரியுங்கள்.

இங்கே ஒரு கேள்வி நியாயமாக வரும். அப்படியானால் குழு தன் ஆளை எந்த நிலையிலும் கட்டுப்படுத்தவே கூடாதா? கட்டுப்படுத்தலாம் என்றுதான் நான் சொல்வேன், அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஸ்வீடனில் சாமி என்ற பூர்வகுடி மக்களின் மரபுத் தொழில் பனிமான் மேய்ப்பது. அங்கே மேய்ச்சல் உரிமை கிராமச் சங்க உறுப்பினர்களுக்குத்தான். மூன்று வருஷம் வேறு தொழில் செய்தால் உறுப்புரிமை போய்விடும் என்று 1971 சட்டம் சொன்னது. இவான் கிட்டோக் என்ற சாமி அப்படி உரிமையை இழந்து ஐ.நா. குழுவிடம் போனார். 1988-ல் ஐ.நா. குழு அவருக்கு எதிராக முடிவு செய்தது. மேய்ச்சல் நிலம் இவ்வளவுதான், மேய்ப்பவர் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனால் தொழிலே அழியும், ஆகவே அந்தக் கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, சாமி சமூகம் முழுவதும் தொடர்ந்து நிலைக்க அது தேவை என்றது. கிட்டோக்குக்குச் சங்க உரிமை இல்லாவிட்டாலும் மேய்க்கவும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அனுமதி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்தது. அப்போதும் ஐ.நா. குழுவுக்கு மனம் முழுசாக ஒப்பவில்லை, சாமி மொழி, சாமி வாழ்க்கை எல்லாம் இருந்தும் ஒருவரைச் சட்டம் சாமி இல்லை என்று சொல்ல முடிகிறதே என்று கவலையைப் பதிவு செய்தது.

லவ்லேஸ் வென்றார், கிட்டோக் தோற்றார், இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த ஆள் மேல் விழும் கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறதா, சமூகம் நிலைக்க அது தேவையா. அதை எடுத்துக்கொண்டு ஜூலியாவின் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். பியூப்லோவின் நோக்கம், நிலம் குறைவு, உறுப்பினர் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஒத்துக்கொள்வோம், நல்ல நோக்கம். இந்த விதி அந்த நோக்கத்துக்கு உதவுகிறதா? வெளியே மணந்த ஆணின் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும் உள்ளே விடுகிறது, வெளியே மணந்த பெண்ணின் பிள்ளைகளை மட்டும் நிறுத்துகிறது. நிலத்துக்கு வரும் நெருக்கடி அப்பா வழியாக வந்தாலும் அம்மா வழியாக வந்தாலும் ஒரே நெருக்கடிதான். சரி, பண்பாடு காப்பதுதான் நோக்கம் என்றால்? அந்த மொழி பேசி அங்கேயே வளர்ந்த பிள்ளை வெளியே, மொழி தெரியாமல் வேறெங்கோ வளர்ந்த பிள்ளை உள்ளே. அதே நோக்கத்துக்கு, அங்கே வாழ்கிறாரா, மொழி தெரியுமா, இரு பெற்றோரில் ஒருவர் உறுப்பினரா என்று ஆண் பெண் பார்க்காமல் விதி எழுதலாம், இதைவிடக் கறாராகக்கூட எழுதலாம். ஆக, எண்ணிக்கையைக் குறைக்கும் சுமை முழுவதும் ஒரு பாதியின் தலையில் மட்டும் ஏற்றப்பட்டது. குழு பிழைக்க அது தேவைப்படவில்லை.

இந்த மாதிரி விசாரணை ஒன்றும் குழுவின் இறையாண்மையைக் காவு வாங்காது. என்ன நோக்கம் என்பதைக் குழுவே சொல்கிறது. அந்த நோக்கத்துக்கும் இந்த ஆளின் மேல் விழும் சுமைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறோம்.

யார் கேட்பது என்பதுதான் உங்கள் வேலை. என் கோரிக்கையைச் சொல்கிறேன். உறுப்புரிமையைக் குழுவிடம் ஒப்படைக்கும் எந்தப் பிரிவோடும், அந்த முடிவால் பாதிக்கப்பட்டவர் போகக்கூடிய ஒரு மன்றத்தையும் சேர்த்தே எழுதுங்கள். முடிவெடுத்தவர்களே அதில் உட்காரக் கூடாது. அரசு நீதிபதிதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே மக்களிலிருந்தோ பக்கத்துப் பூர்வகுடிகளிலிருந்தோ வந்தவர்கள், மொழியும் வழக்கமும் தெரிந்தவர்கள் இருக்கட்டும், அதுவே நல்லது. பல சிறு சமூகங்கள் சேர்ந்து ஒரு மேல்முறையீட்டு மன்றம் வைத்துக்கொள்வது முடியாத காரியம் இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிகளில் சிலர் அப்படி வைத்தும் இருக்கிறார்கள். குழுக்களிடமிருந்து கருத்துக் கேட்கும்போது தலைவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். இந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு உங்கள் அறையில் நாற்காலி கிடைக்காமல் இருப்பதே அந்த விதியின் வேலை. வெளியேறும் உரிமையை எழுதினால் வழிச்செலவையும் எழுதுங்கள்: உழைத்த காலத்துக்கு ஈடாக ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு வெளி உலகிலும் செல்லுபடியாகும் படிப்பு, திரும்பி வரும் வாசல்.

திருத்தம் செய்தாலும் முழுசாகச் செய்யுங்கள். லவ்லேஸ் முடிவுக்குப் பிறகு 1985-ல் கனடா சட்டத்தைத் திருத்தியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். ஆனால் பெண்களுக்குத் தகுதி திரும்பியதே தவிர, அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு படி குறைந்த தகுதி. அந்தப் பிள்ளைகள் வெளியே மணந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அதே காலத்தில் வெளியே மணந்த ஆணின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இழப்பு இல்லை. பாட்டிக்குச் செய்த அநியாயத்தை நீக்கிவிட்டு அதைப் பேரன் கணக்கில் எழுதியது மாதிரி ஆயிற்று. அதைச் சரி செய்ய இன்னும் வழக்குகள், 2010-ல் ஒரு திருத்தம், 2017-ல் இன்னொன்று, அதுவும் முழுசாக நடைமுறைக்கு வந்தது 2019-ல்.

உள்ளிருந்து மாற்றம் வராது என்று நான் சொல்லவில்லை. சாண்டா கிளாரா மக்கள் 2012-ல் தாங்களே வாக்களித்து, ஆண் பெண் பார்க்கும் அந்த விதியை மாற்ற முடிவு செய்தார்கள். எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. குழுவை நம்புங்கள், நேரம் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள், சொல்லட்டும், எனக்கும் அது மகிழ்ச்சிதான். ஆனால் 1939-லிருந்து 2012 வரை 73 வருஷம். 1941-ல் திருமணமான ஒரு பெண்ணின் பிள்ளைகளுக்கு அந்த நேரம் எந்தக் கணக்கில் வரும்? உள்ளேயே கேட்க ஒரு மன்றம் இருந்திருந்தால், இதே மக்கள் இதே முடிவுக்கு ஐம்பதுகளிலேயே வந்திருக்க வாய்ப்பு இருந்தது. உங்கள் மேசையில் இப்போது இருக்கும் வரைவில் அந்த மன்றத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், அது வரும் வரை உறுப்புரிமைப் பிரிவை நிறைவேற்றாதீர்கள்.